பாட்டியின் அடுக்களைக் கதையை எங்கே முடிப்பது?

கேள்வி: என் பாட்டியின் அடுக்களையைப் பற்றி 700 சொற்களில் ஒரு சிறுகதை எழுதினேன். படித்த பலரும் “என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது” என்றார்கள். நெருங்கிய தோழி ஒருத்தி மட்டும், “நல்லா இருக்கு, ஆனா உன் பாட்டி யாருன்னு எனக்குத் தெரியவே இல்ல” என்றாள். அது மனதைக் குடைகிறது. ஐம்புலன்களையும் கொண்டுவர வேண்டும் என்று எங்கோ படித்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். இன்னும் விவரம் சேர்க்க வேண்டுமா? கதை அமைதியான ஒரு காட்சியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்; சரியாக வரவில்லை. இன்னொரு சிக்கல். பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தமானது என்று எழுதியிருக்கிறேன். அம்மா, “அவங்களுக்குக் காது கடைசி வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு, எதுக்கு இப்படி எழுதற?” என்று வருத்தப்படுகிறார். அந்த வரியை எடுத்துவிடவா? கதையை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கதையை முழுதாகப் படித்தேன். கதைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை என்பதால் முதல் வாசிப்பிலேயே பென்சில் கைக்கு வந்துவிடும். உங்கள் கதையில் முதலில் அடிக்கோடிட்டது குறையை அல்ல, நடுவில் சத்தமில்லாமல் கிடக்கும் இரண்டு வாக்கியங்களை: “கடைசி வருடங்களில் காதும் மந்தமாகிவிட்டது. ஒருநாள் தட்டு ஆடியும் பாட்டி கவனிக்கவில்லை, நானே தீயைக் குறைத்துவிட்டேன்.” உங்கள் கதை இதுதான். மீதி எல்லாம் இதற்கு வழிவிட வேண்டும். அம்மா எடுக்கச் சொல்வதும் இதே இடத்தைத்தான் என்பதால் அவர் சொல்வதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

தோழி சொன்னது சரி. அதற்காக மற்றவர்கள் பொய்யாகப் பாராட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு உண்மையிலேயே அவரவர் பாட்டி ஞாபகம் வந்திருக்கிறது. “அன்பான புன்னகை”, “புகை படிந்த அறை”, “மூக்கைத் துளைக்கும் நறுமணம்” என்று எழுதினால், படிப்பவர் அந்த வெற்றிடத்தில் தன் வீட்டு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துக்கொள்வார். அப்படி ஒரு இடம் கொடுப்பதும் ஒரு வகை எழுத்துதான். ஆனால் நீங்கள் எழுத விரும்பியது உங்கள் பாட்டியை. தோழி தேடியதும் அவரைத்தான்.

எந்தப் புலன் இந்தக் கதையைத் தாங்குகிறது?

உங்கள் முதல் பத்தி இப்படிப் போகிறது:

“பாட்டியின் அடுக்களை ஒரு சொர்க்கம். அந்தப் பழைய, இருண்ட, புகை படிந்த அறைக்குள் நுழைந்ததுமே கமகமவென்று நறுமணம் மூக்கைத் துளைக்கும். பளபளக்கும் பாத்திரங்கள், சுவரில் ஆடும் நிழல்கள், காலுக்குச் சில்லென்ற தரை, நாவில் ஊறும் எச்சில் என்று ஐம்புலன்களும் விழித்துக்கொள்ளும். பாட்டி எப்போதும் அன்பான புன்னகையோடு அடுப்பருகே அமர்ந்திருப்பார். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. பால் பாத்திரத்துக்குள் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் போட்டிருப்பார். அது ஆடும் சத்தம் கேட்டால் பால் பொங்கப் போகிறது என்று அர்த்தம்.”

ஐம்புலன்களும் கதையில் வர வேண்டும் என்பது பயிற்சிக்குச் சொல்லப்படும் யோசனை. எழுதப் பழகும் ஒருவர் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால், மற்ற புலன்களும் இருக்கின்றன என்று நினைவூட்ட அது உதவும். அதையே கதைக்கு விதியாக எடுத்துக்கொண்டால் புலனுக்கு ஒரு வரி என்று பட்டியல் வந்துவிடுகிறது. மணம், பளபளப்பு, நிழல், குளிர்ச்சி, எச்சில் என்று ஐந்தும் ஒரே அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், எதைக் கவனிக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. கண் மங்கிய ஒருவர் சத்தத்தை நம்பிப் பால் காய்ச்சுகிறார் என்ற அபூர்வமான செய்தி பத்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கேட்கும் புலன்தான் உங்கள் பாட்டியின் புலன். கண் விட்ட வேலையைக் காது செய்கிறது. பிறகு காதும் விடத் தொடங்குகிறது. அதனால் மணத்தையும் பளபளப்பையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அடுக்களை என்றதுமே எல்லோரும் மணத்தைத்தான் எழுதுவார்கள். ஆனால் மணத்தைப் பெரும்பாலும் “இன்னதன் மணம்” என்றுதான் சொல்ல முடிகிறது. அந்தப் பொருளை முகர்ந்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சத்தம் அப்படியில்லை. அதற்கு வேகம் உண்டு, இடைவெளி உண்டு, தொடக்கமும் நிற்பதும் உண்டு. காலத்தில் நகரும் ஒன்று என்பதால் கதையையும் கூடவே நகர்த்தும்.

இங்கே விவரத்தைக் கூட்டவும் வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் மட்டும். அந்தத் தட்டு ஏன் ஆடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பால் சூடாகும்போது அதிலுள்ள புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடையாகப் படிகின்றன. கீழிருந்து வரும் ஆவி அந்த ஆடைக்கு அடியில் அடைபட்டு, மொத்தமாக மேலே தள்ளும்போதுதான் பால் பொங்குகிறது. அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டால் ஆவி முதலில் அதன் கீழே சேர்ந்து, அதைத் தூக்கிவிட்டு வெளியேறும். தட்டு மறுபடி அடியில் விழும். அதுதான் அந்தத் தட்டல். முதலில் விட்டு விட்டு வரும். சூடு ஏற ஏற இடைவெளி குறையும். பொங்குவதற்குச் சற்று முன்னால் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து ஆடும்.

இந்த விஞ்ஞானம் எதுவும் கதைக்குள் வர வேண்டாம். ஆனால் இது தெரிந்திருந்தால், “அது ஆடும் சத்தம்” என்று மொத்தமாகச் சொன்ன இடத்தில் படிப்படியாக நெருங்கும் தட்டல்களை எழுத முடியும். அந்த இடைவெளிகளைத்தான் பாட்டி படித்துக்கொண்டிருந்தார், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல.

சத்தத்தை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. கடகட, சலசல, லொடலொட என்று இரட்டைக்கிளவி நம் மொழியில் கைக்கெட்டும் தூரத்திலேயே நிறைய இருக்கிறது. உங்கள் கதையில் கமகம, பளபள, சலசல, தகதக என்று எண்ணிக்கொண்டே போனேன். பழகிப்போன இரட்டைக்கிளவி பத்திக்கு ஒன்றாக வந்தால் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் தட்டு விடாமல் ஆடும் அந்த ஆபத்தான நிமிடத்துக்குச் சேமித்து வையுங்கள்.

அதேபோல் “சத்தம் என் காதில் விழுந்தது”, “நான் பார்த்தேன்”, “எனக்கு நன்றாக நினைவிருக்கிறது” போன்றவற்றையும் எடுத்துவிடலாம். சொல்பவர் நீங்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சத்தமும் உங்கள் காது வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. “தட்டு ஆடியது” என்றாலே போதும், படிப்பவர் தானே கேட்டுக்கொள்வார்.

இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் அடுக்களையே காணாமல் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லாவிட்டால் கதை வெறும் எலும்பாகிவிடும். அதற்காக, முக்கிய நிகழ்ச்சியோடு தொடர்பில்லாத ஒரு விவரத்தை மட்டும் விட்டு வையுங்கள். என் தேர்வு, சில்லென்ற தரை. சிறுமி கீழே உட்கார்ந்து பாத்திரத்தை அண்ணாந்து பார்க்கிறாள் என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

“வைப்பார்” எப்போது “வைத்தார்” ஆக வேண்டும்?

நினைவைச் சொல்லும் கதைகளில் நான் அதிகமாகத் திருத்துவது இதைத்தான். தமிழில் வழக்கமாக நடந்ததைச் சொல்ல “வைப்பார், சொல்வார், சிரிப்பார்” என்ற வடிவம் தானாக வந்து விழுகிறது. பாட்டியைப் பற்றி நினைத்தாலே வாக்கியங்கள் அப்படித்தான் முடியும். அதில் ஒரு சுகமும் இருக்கிறது. ஆனால் “போடுவார்” என்றால் அது எந்த நாளும் இல்லை, எல்லா நாளும்தான். எல்லா நாளும் நடப்பதில் அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வி எழாது.

உங்கள் கதை கிட்டத்தட்ட முழுவதும் இந்த “வார்” வடிவத்தில் நகர்கிறது. ஒருநாள் தட்டு ஆடியும் பாட்டி கவனிக்கவில்லை என்ற இடத்தில்தான் ஒரு குறிப்பிட்ட நாளைத் தொடுகிறீர்கள். தொட்டவுடன் அடுத்த வாக்கியத்தில் மறுபடி “சிரிப்பார்” என்று திரும்பிவிடுகிறீர்கள். தோழி பாட்டியைத் தவறவிட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒருவரை நாம் பார்ப்பது ஒரு நாளில், ஒரு வேளையில்தான்.

திருத்தும் வழி எளிது. முதல் பாதி “வார்” வடிவத்திலேயே இருக்கட்டும். தட்டு போடும் வழக்கத்தை அது நிலைநாட்ட வேண்டும். பிறகு “அன்று” என்ற ஒரு சொல்லோடு வினைகளை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். போட்டார், சொன்னார், ஆடியது. அதற்கப்புறம் கடைசி வரி வரை “வார்” வரக் கூடாது. வழக்கம் தெரிந்திருப்பதால், அன்று எது வழக்கப்படி நடக்கவில்லை என்று படிப்பவரே கண்டுகொள்வார். “பாட்டிக்குக் காது கேட்கவில்லை” என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

அமைதியான முடிவு என்றால் என்ன?

இப்போது உங்கள் முடிவு:

“இன்று பாட்டி இல்லை. ஆனால் அந்த அடுக்களையின் வாசனை இன்னும் என் நெஞ்சில் கமழ்கிறது. எத்தனை வசதிகள் வந்தாலும் பாட்டியின் கைப்பக்குவத்துக்கு ஈடாகுமா? அன்புதான் உண்மையான ருசி என்பதை அவர்தான் எனக்குக் கற்றுத்தந்தார். தூரத்தில் ஒரு நட்சத்திரம் மின்னியது.”

முதல் நான்கு வாக்கியங்களும் கதையைப் பற்றிய உங்கள் கருத்து. கருத்தோடு முடிந்தால் காட்சியாக இருக்காது என்று உங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். அதனால்தான் கடைசியில் ஒரு நட்சத்திரத்தை வைத்திருக்கிறீர்கள். எண்ணம் சரி, பொருள்தான் தவறு. அந்த நட்சத்திரத்தைப் பெயர்த்து வேறு எந்தக் கதையின் கடைசியிலும் வைக்கலாம், பொருந்தும். அப்படிப் பொருந்தும் எதுவும் இந்தக் கதையின் முடிவாக முடியாது. அது முன்னால் எங்கும் வரவில்லை, யாரும் அதைத் தொடவில்லை, அதற்காக யாரும் கவலைப்படவில்லை.

கடைசிக் காட்சியில் வரும் பொருளையோ அசைவையோ படிப்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். முன்பு அது ஒரு விதமாக இருந்தது, இப்போது வேறு விதமாக இருக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களிடம் அதற்கேற்ற பொருள் தயாராக இருக்கிறது: தட்டு. அதோடு சேர ஓர் அசைவும் வேண்டும் என்று தோன்றியது. சத்தம் நெருங்கும்போது தலையை அடுப்புப் பக்கம் சாய்ப்பதை நான் சேர்த்திருக்கிறேன். உங்கள் பாட்டியின் அசைவு வேறாக இருந்தால் அதையே போடுங்கள்.

கீழே இருப்பது என் திருத்தம். வேலை எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காக எழுதியது. அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“பாட்டி பால் காய்ச்சும்போது பாத்திரத்துக்குள் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் போடுவார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். விளிம்பில் ஓரிடம் நெளிந்திருக்கும். போடுவதற்கு முன் அந்த நெளிவைக் கட்டைவிரலால் தடவிக்கொள்வார். அவருக்குப் பாத்திரத்தின் வாய் தெரியும், பாலின் மட்டம் தெரியாது.

முதலில் சத்தம் இருக்காது. அப்புறம் ஒரு தட்டல். பாட்டி பேசிக்கொண்டே இருப்பார். நெடுநேரம் கழித்து இன்னொன்று. தட்டல்கள் நெருங்க நெருங்க அவர் தலை அடுப்புப் பக்கம் சாயும். இடைவெளி இல்லாமல் போகும் நேரத்தில், பேச்சு நிற்காமலே, கை நீண்டு தீயைக் குறைக்கும்.

அன்று மாலை நான் சில்லென்ற தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டி நெளிவைத் தடவினார். தட்டைப் போட்டார். தன் அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

‘அக்காவுக்கு இருட்டுன்னா பயம். ராத்திரி என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா.’

ஒரு தட்டல். இன்னொன்று.

‘நான் தூங்கிட்டா கையை விட்டுடுவேனோன்னு, நான் தூங்கறதுக்குள்ள அவ தூங்கப் பார்ப்பா.’

தட்டு லொடலொடவென்று ஆடியது. பாட்டியின் தலை சாயவில்லை. பாத்திரத்தின் வாயில் வெள்ளை எழும்பியது.

நான் எழுந்து தீயைக் குறைத்தேன். தட்டு நின்றது.

அக்காவின் கதை முடிந்தது. பாட்டி தலையை அடுப்புப் பக்கம் சாய்த்து, முதல் தட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.”

இதில் சில முடிவுகளை ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். அவற்றோடு உடன்படுவதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

தட்டு மூன்று இடங்களில் வருகிறது. அறிமுகமாகும்போது ஒருமுறை, வழக்கத்தைக் காட்டும்போது ஒருமுறை, வழக்கம் உடையும்போது ஒருமுறை. இதற்கு மேல் கூட்டினால், முடிவுக்காகவே அதை நட்டு வைத்திருக்கிறீர்கள் என்று படிப்பவர் மோப்பம் பிடித்துவிடுவார். குறைத்தாலும் ஆபத்துதான். வழக்கத்தைக் காட்டும் இரண்டாவது பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கடைசி வரி புரியவே புரியாது.

அக்காவைப் பற்றிய பேச்சை நானே கற்பனை செய்து வைத்தேன். அங்கே ஏதாவது பேச்சு வேண்டும், ஏனென்றால் சத்தம் ஏறுவதும் பேச்சு தொடர்வதும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் காட்சியின் இறுக்கம். உங்கள் பாட்டி உண்மையில் எதைப் பேசுவார் என்று யோசித்து, அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். கதையை நீட்ட வேண்டுமானால் இங்கேதான் நீட்டலாம். முடிவுக்குப் பக்கத்தில் ஒரு வரி கூடச் சேர்க்காதீர்கள். “என் கண் கலங்கியது” என்று எழுத அங்கேதான் கை துடிக்கும்.

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் போய் நிற்பதால், கதையின் கடைசிச் சொல்லும் அநேகமாக ஒரு வினைதான். “காத்திருந்தார்” என்று எழுதியிருந்தால் காத்திருந்து முடித்துவிட்டார் என்றும் கொள்ளலாம். “காத்துக்கொண்டிருந்தார்” என்னும்போது அந்தச் செயல் முடியாமல் நிற்கிறது. நீங்கள் கேட்ட அமைதி எனக்கு அந்தச் சொல்லில் கிடைத்தது. “உணர்ந்தேன்”, “புரிந்தது”, “கற்றேன்” போன்ற வினைகள் கதையை மூடிவிடும், அவற்றைக் கடைசியில் வைக்க வேண்டாம்.

முடிவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. “நான் எழுந்து தீயைக் குறைத்தேன். தட்டு நின்றது” என்பதோடு நிறுத்திவிடலாம். அப்போது கதை சிறுமியின் கதையாகிறது: ஒரு பொறுப்பு சத்தமில்லாமல் கைமாறுகிறது. பாட்டி காத்திருப்பதில் முடித்தால் அது பாட்டியின் கதை. தோழி பாட்டியைத்தான் தேடினாள் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஆனால் அது சற்று அதிகமாக வலிக்கும் முடிவு. அம்மாவையும் மனதில் வைத்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை: “அன்பின் ருசி” வேண்டாம். “தட்டு” போதும்.

அம்மா சொல்வது

உங்கள் நினைவும் அம்மாவின் நினைவும் முரண்படுவதால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. நீங்கள் ஒரு மாலையைப் பார்த்தீர்கள், அவர் ஒரு வாழ்நாளைப் பார்த்தார். பாட்டி அன்று கதையில் ஆழ்ந்துபோயிருக்கலாம், களைத்திருக்கலாம். “காது மந்தமாகிவிட்டது” என்பது நீங்கள் அந்த மாலைக்குப் பின்னால் எழுதிய காரணம். அதைத்தான் அம்மா மறுக்கிறார். அந்த மாலை நடந்ததை அவர் மறுக்கவில்லை, அப்போது அவர் அடுக்களையில் இருந்ததாகவும் உங்கள் கதையில் இல்லை.

அதனால் “அந்த வரியை எடுத்துவிடவா” என்ற கேள்விக்கு என் பதில்: காரணத்தை எடுத்துவிடுங்கள், நிகழ்ச்சியை வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள திருத்தத்தைப் பாருங்கள், காது கேட்கவில்லை என்று எங்கும் இல்லை. தலை சாயவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்காக இதைச் செய்யவில்லை, கதைக்கே இதுதான் நல்லது. ஆனால் அம்மாவுக்கும் இது உதவும்.

இதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். அம்மா இந்தத் திருத்தத்தைப் படித்தாலும் அவருக்கு விஷயம் புரிந்துவிடும். சொல்லாமல் விட்டது சில நேரம் சொன்னதைவிட ஆழமாகத் தைக்கும். வருத்தம் முழுதாகத் தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே முக்கியமான கேள்வி, இதை என்ன பெயரில் வெளியே கொடுக்கிறீர்கள் என்பது. “சிறுகதை” என்றால் தலை சாய்ப்பதையும் அக்காவின் பேச்சையும் கற்பனையாக வைக்கலாம், படிப்பவரும் அந்த உடன்பாட்டோடுதான் படிக்கிறார். “என் பாட்டியைப் பற்றிய நினைவு” என்று கொடுத்தால், நடக்காத எதையும் நடந்ததாகச் சொல்லக் கூடாது. நான் சேர்த்த அசைவு, பேச்சு இரண்டையும் எடுத்துவிட்டு, உங்களுக்கு நினைவில் இருப்பதை மட்டும் வைக்க வேண்டும். அப்போது அம்மாவின் மறுப்பையே ஒரு வரியாகச் சேர்க்கலாம்: “பாட்டிக்குக் காது நன்றாகக் கேட்டது என்று அம்மா சொல்கிறார்.” நினைவுக் கட்டுரைக்கு அது நேர்மையைக் கூட்டும். சிறுகதையில் அதே வரி காட்சியைக் கலைத்துவிடும், அங்கே வேண்டாம்.

நீங்கள் இதைச் சிறுகதை என்றே அழைத்திருப்பதால் அந்த வழியிலேயே போகச் சொல்கிறேன். ஆனால் வேறு யாருக்கும் கொடுக்கும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அனுமதி கேட்பது போலக் கேட்க வேண்டாம், எழுதியது நீங்கள். “பாட்டி பால் காய்ச்சும்போது என்னவெல்லாம் செய்வாங்க?” என்று முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள். தட்டின் விளிம்பு நெளிந்திருந்ததா, தலையைச் சாய்ப்பாரா, கையைத் துடைத்துக்கொள்வாரா என்று அவரிடமிருந்து வரும் விவரம், நான் இங்கிருந்து ஊகித்து வைத்ததைவிட நிச்சயம் மேலாக இருக்கும். அதைப் போட்டுவிட்டு என்னுடையதை அடித்துவிடுங்கள்.

தோழிக்குக் கொடுக்கும்போது நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பாட்டி கடைசியில் என்ன செய்துகொண்டிருக்கிறார், ஏன் என்று மட்டும் கேளுங்கள். அவள் சரியாகச் சொன்னால் திருத்தம் முடிந்தது. “பால் கொதிக்கறதுக்காக உட்கார்ந்திருக்காங்க” என்பதோடு நிறுத்திவிட்டால், இரண்டாவது பத்தியில் தட்டல்களின் இடைவெளி போதிய அளவு பதியவில்லை என்று அர்த்தம். கடைசி வரியைத் தொடாமல் அந்தப் பத்திக்குத் திரும்பிப் போய் வேலை செய்யுங்கள்.